பழைய மருந்தோடு ஒப்பிட்டீர்களா?

கிளினிக்கல் பார்மசிஸ்ட்டாக வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் இது உங்கள் மேசைக்கு வரும்: “ஃபார்முலரியில் ஒரு புது மருந்தைச் சேர்க்கச் சொல்லி டாக்டர் கேட்கிறார். மருந்துக் குழுவுக்கு அறிக்கை தயார் செய்யுங்கள்.” புதியவர்கள் பலர் அந்த மருந்து வேலை செய்கிறது என்று காட்டுவதற்கே பக்கங்களைச் செலவழிக்கிறார்கள். குழு கேட்பது வேறு: நம் அலமாரியில் ஏற்கெனவே இருப்பதைவிட இது எதில் மேல்?

2012-இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனை எடுத்த முடிவைப் பாருங்கள். பரவிவிட்ட பெருங்குடல் புற்றுநோய்க்கு, முதல் சிகிச்சை பலிக்காதபோது கீமோவோடு சேர்த்துத் தரும் ஸால்ட்ராப் என்ற மருந்துக்கு அந்த ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. ஆய்வில் கீமோ மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் சுமார் 12 மாதம். ஸால்ட்ராப்பும் சேர்ந்தபோது 13.5. கிடைத்த லாபம் ஏறக்குறைய 42 நாள். அதே கட்டத்தில் பழைய மருந்தான அவாஸ்டினைத் தந்த ஆய்விலும் லாபம் அதே அளவுதான். இரண்டும் கட்டிக்கு ரத்தக்குழாய்கள் முளைப்பதைத் தடுப்பவை. விலை மட்டும் வேறு: மாதத்துக்கு அவாஸ்டின் சுமார் 5,000 டாலர், ஸால்ட்ராப் சுமார் 11,000. மருத்துவமனை ஸால்ட்ராப்பை வாங்க மறுத்தது. அக்டோபரில் அதன் மருத்துவர்கள் மூவர் காரணத்தை நியூயார்க் டைம்ஸில் எழுதினார்கள். நவம்பரில் ஸால்ட்ராப்பை விற்ற சனோஃபி நிறுவனம் 50 சதவீதத் தள்ளுபடி அறிவித்தது.

இந்த ஒப்பீட்டில் ஒரு பலவீனமும் உண்டு. அதை மறைக்காமல் எழுதுபவரைத்தான் குழு நம்பும். ஸால்ட்ராப்பையும் அவாஸ்டினையும் நேருக்கு நேர் வைத்து அதுவரை யாரும் சோதித்திருக்கவில்லை. எண்கள் இரண்டு தனித்தனி ஆய்வுகளிலிருந்து வந்தவை. அவாஸ்டின் ஆய்வில் இருந்த எல்லோரும் முன்பே அந்த மருந்தைப் பெற்றவர்கள்; ஸால்ட்ராப் ஆய்விலோ அப்படிப்பட்டவர்கள் சுமார் 30 சதவீதம்தான். ஆகவே “இரண்டும் சமம்” என்று எழுதாதீர்கள். “ஸால்ட்ராப் மேல் என்பதற்குச் சான்று இல்லை” என்று எழுதுங்கள். அவ்வளவு விலை வித்தியாசத்துக்கு முன்னால் அதுவே போதும். புது மருந்தின் ஆய்வைக் கையில் எடுத்ததும் முதலில் எதிரணியில் என்ன மருந்து இருந்தது என்று பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். வெறும் டம்மி மருந்தோடு ஒப்பிட்டிருந்தால், உங்கள் குழுவின் கேள்விக்கு அந்த ஆய்வில் பதில் கிடையாது.

குழுவின் முன் ‘சேர்’, ‘விடு’ என்ற இரண்டு வழிகள் மட்டும் இல்லை. குறிப்பிட்ட துறைக்கு மட்டும், குறிப்பிட்ட நோயாளிக்கு மட்டும் என்று நிபந்தனையோடும் சேர்க்கலாம். பட்டியலில் இல்லாத மருந்தை ஒரு நோயாளிக்கென்று டாக்டர் தனி விண்ணப்பத்தில் கேட்கவும் இடம் உண்டு. அந்த விண்ணப்பங்களை எண்ணி வையுங்கள். ஒரே மருந்துக்கு ஒரே காரணத்தோடு அவை திரும்பத் திரும்ப வந்தால், அந்தக் கோப்பை மறுபடி குழுவிடம் எடுத்துச் செல்ல வேண்டியது நீங்கள்தான்.