தன் கடிகாரத்தைத் தானே சுமந்து வரும் செய்தி

கிள்ளானில் கனமழை பெய்யும்போது கால்வாய் நீர் விரைந்து உயரும். ஒரு குடியிருப்பில் கால்வாயின் ஐந்து இடங்களில் நீர்மட்டத்தை அளக்கும் கருவிகளைப் பொருத்தியுள்ளனர் என வைத்துக்கொள்வோம். 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் மலிவான வானொலிக் கருவி ஒன்று, அந்த ஐந்து அளவுகளையும் அருகிலுள்ள வீட்டுக்கு அனுப்புகிறது. ஏதேனும் ஓர் இடத்தில் நீர் 30 சென்டிமீட்டரைத் தாண்டினால் மணி ஒலிக்க வேண்டும்.

ஒவ்வோர் அளவும் எட்டு பிட்டுகளாகச் செல்கிறது. ஒரு பிட்டுக்கு ஒரு மில்லிவிநாடி. அலை இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. முதல் நான்கு இடங்களில் நீர் இல்லை. ஐந்தாம் இடத்தில் 40 சென்டிமீட்டர். 40 என்பது 00101000. ஆகவே, செய்தியின் தொடக்கத்தில் 34 சுழியங்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த 34 மில்லிவிநாடியும் வெறும் அமைதி.

பெறும் கருவி தன் கடிகாரத்தைக் கொண்டே அந்த அமைதியை அளக்கிறது. மலிவான அக்கடிகாரம் 2 விழுக்காடு வேகமாக ஓடினால், 34 மில்லிவிநாடி அதற்கு 34.68 ஆகத் தெரியும். அது 35 சுழியங்கள் என எண்ணிவிடும். ஒரு சுழியம் கூடியதால் ஐந்தாம் எண் 00010100 ஆகிறது, அதாவது 20. நீர் அபாய அளவைத் தாண்டியும் மணி ஒலிக்காது.

இச்சிக்கலைத் தீர்க்க உதவுவது மான்செஸ்டர் குறியீட்டு முறை. 1940களின் இறுதியில், மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினியின் காந்த உருளையில் தரவுகளைப் பதிக்க இம்முறை உருவாக்கப்பட்டது. இதில் ஒவ்வொரு பிட்டும் இரு பாதிகளாகப் பிரிகிறது. 0 என்றால் முதற்பாதியில் அலை இருக்கும், மறுபாதியில் இராது. 1 என்றால் அதற்கு நேர்மாறு.

```
0 0 1 0 1 0 0 0
10 10 01 10 01 10 10 10
```

எந்தப் பிட்டாக இருந்தாலும் அதன் நடுவில் ஒரு மாற்றம் கட்டாயம் நிகழும். பெறும் கருவி அந்த மாற்றத்தைக் காணும்போதெல்லாம் தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறது. எனவே, பிழை ஒரு பிட்டுக்கு 0.02 மில்லிவிநாடிதான், அது சேர்ந்து பெருகுவதில்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. மலிவான பெறும் கருவிகள் பல, அண்மையில் வந்த அலையின் சராசரி வலிமையோடு ஒப்பிட்டே ‘அலை உண்டா, இல்லையா’ என முடிவு செய்கின்றன. நீண்ட அமைதியில் அச்சராசரி கீழே இறங்கிவிடும். பிறகு சிறு இரைச்சலும் 1 ஆகத் தோன்றும். மான்செஸ்டர் முறையில் பாதி நேரம் அலை இருப்பதால் சராசரி நிலையாக நிற்கிறது. ஒரே பிட்டில் 11 அல்லது 00 வந்தால், அது பிழையென்றும் உடனே தெரிந்துவிடும்.

இதற்கு விலையும் உண்டு. அலை இருமடங்கு விரைவாக மாற வேண்டும். கருவியால் அது இயலாவிட்டால் செய்தியின் வேகம் பாதியாகும். மேலும், சுழியங்கள் மட்டும் வரும்போது 101010 என்றே தெரியும். எது பிட்டின் நடு, எது எல்லை என்பது புலப்படாது. பாதி பிட் தவறினால் 0 எல்லாம் 1 ஆகிவிடும். அதனால்தான் 0, 1 இரண்டும் கலந்த ஓர் அடையாளத் தொடரை முதலில் அனுப்பி, அதன் பின்னரே அளவுகளை அனுப்புகின்றனர்.

வினாக்கள்

1. பெறும் கருவி 40 என்பதை 20 எனப் படித்தது ஏன்?
2. 00010100 என்பதை மான்செஸ்டர் முறையில் எழுதுக.