அடுத்த மாதம் எவ்வளவு கருவாடு?

குருநகரில் கருவாடு வாங்கி விற்கும் இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சென்ற மூன்று மாதங்களில் 38, 44, 38 கிலோ விற்பனையானது. கூட்டி மூன்றால் பிரித்தால் சராசரி 40 கிலோ. ஆனால் அடுத்து வருவது நல்லூர்த் திருவிழா. அந்த 25 நாளும் பல சைவ வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. ஆகவே கடந்த ஆண்டுக் கொப்பியைப் பார்க்கிறோம். திருவிழாவுக்கு முன் மாதச் சராசரி 30 கிலோ. திருவிழா மாதத்தில் 15, அதாவது பாதி. இவ்வாண்டும் 40இல் பாதியாக 20 கிலோ வாங்கினால் போதும். கூட வாங்கினால் முதல் முடங்கும்.

திருவிழாத் திகதி ஆண்டுதோறும் மாறும். பஞ்சாங்கத்தைப் பார்த்தே கணக்கிடுவோம். கருவாடு முடிந்து ஆட்களைத் திருப்பியனுப்பிய நாட்களையும் குறித்துவைப்போம். அந்நாள் விற்பனை உண்மைத் தேவையைக் காட்டாது.