செய்தி வீடு: பிராண்டின் பேச்சு ஒரே தாளில்

மரச்செக்குக் கடலை எண்ணெய் விற்பவர் ஒருவருக்கான செய்தி வீட்டை வரைந்து பார்ப்போம்.

● கூரை: வாடிக்கையாளருக்குத் தரும் ஒரே வாக்குறுதி. "கலப்படமில்லாத எண்ணெய், ஆட்டிய வாரமே உங்கள் சமையலறையில்."

● தூண்கள்: அதைத் தாங்கும் மூன்று காரணங்கள். தேர்ந்தெடுத்த கடலை, வேறு எண்ணெய் சேர்ப்பதில்லை, வாராவாரம் ஆட்டுகிறோம்.

● அடித்தளம்: ஒவ்வொரு தூணுக்கும் ஒரு சான்று. கடலை கொள்முதல் ரசீது, ஆய்வகப் பரிசோதனை அறிக்கை, பாட்டிலில் ஆட்டிய தேதி. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் உரிமம் இருப்பதை மட்டுமே காட்டும். கலப்படம் இல்லை என்பதற்கு அது சான்றாகாது. சான்று கிடைக்காத தூணை அழித்துவிடுங்கள்.

● யாரிடம் எதை முதலில்? கூரை எல்லோருக்கும் ஒன்றே. தூண்களின் வரிசைதான் மாறும். இல்லத்தரசியிடம் ஆய்வக அறிக்கையை முதலில் காட்டுங்கள். மளிகைக் கடைக்காரரிடம் வாராந்திர சப்ளையை முதலில் சொல்லுங்கள். சரக்கு தேங்கிச் சிக்கு வாடை அடிக்குமோ என்பதே அவர் கவலை.

● சோதனை: கூரை வாசகத்தில் போட்டியாளரின் பெயரைப் போட்டுப் படியுங்கள். "தரமானது, சுவையானது" என்பதுபோல் அவருக்கும் பொருந்தினால், வாக்குறுதியை இன்னும் கூர்மையாக்குங்கள்.