பட்டியலுக்கு முன்னால் ‘தேர் இஸ்’ போடுவதா, ‘தேர் ஆர்’ போடுவதா?

தமிழில் பொருள்களையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் வினை வரும். ‘ஒரு மேசை, ரெண்டு நாற்காலி, ஒரு ஃபேன் இருக்கு’ என்கிறோம். ஒருமையா பன்மையா என்று யோசிப்பதே இல்லை. ஆங்கிலத்திலோ ‘தேர்’ என்று வாயெடுத்ததும் ‘இஸ்’, ‘ஆர்’ இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்டியல் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

வாடகைக்கு விடும் அறையைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்: ‘தேர் ___ எ டேபிள், டூ சேர்ஸ் அண்ட் எ ஃபேன் இன் த ரூம்.’

முதலில் ‘தேர்’ என்பதை எடுத்துவிட்டு, பட்டியலை முன்னால் கொண்டுவாருங்கள். ‘எ டேபிள், டூ சேர்ஸ் அண்ட் எ ஃபேன் ஆர் இன் த ரூம்.’ இங்கே ‘இஸ்’ போட யாருக்கும் கை வராது. ‘அண்ட்’ எல்லாவற்றையும் சேர்த்துப் பன்மையாக்கிவிட்டது. கண்டிப்பான இலக்கணப்படி விடை ‘ஆர்’.

அடுத்து, பட்டியலின் முதல் பெயரைப் பாருங்கள். ‘தேர் ஆர் எ டேபிள்...’ என்று வாய்விட்டுச் சொன்னால் காதில் உறுத்தும். அதனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் பலர் முதல் பெயர் ஒருமையாக இருந்தால் ‘தேர் இஸ்’ என்றே சொல்கிறார்கள், எழுதவும் செய்கிறார்கள். இதைத் தவறென்று ஒதுக்காத இலக்கண நூல்கள் உண்டு. பேச்சுக்கும் சாதாரணக் கடிதத்துக்கும் நான் ‘இஸ்’ பக்கம்தான். தேர்வென்றால் உங்கள் பாடநூல் சொல்லும் விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே வாதாடி மதிப்பெண் வாங்க முடியாது.

இரு தரப்பும் குறை சொல்லாதபடி எழுதவும் வழி இருக்கிறது. பன்மையை முன்னால் நகர்த்துங்கள்: ‘தேர் ஆர் டூ சேர்ஸ், எ டேபிள் அண்ட் எ ஃபேன்.’ பட்டியலில் எல்லாமே ஒருமையாக இருந்தால் இது உதவாது. அப்போது ‘த ரூம் ஹேஸ் எ காட், எ டேபிள் அண்ட் எ ஃபேன்’ என்று மாற்றிவிடலாம். ‘ஹேஸ்’ அறையை மட்டுமே பார்க்கும், பட்டியலைக் கண்டுகொள்ளாது.

அரிசி, பால் போன்று எண்ண முடியாதவை முதலில் வந்தால் ஒருமையாகவே கொள்ளுங்கள்: ‘தேர் இஸ் சம் ரைஸ் அண்ட் ஃபோர் பனானாஸ்.’ வாழைப்பழம் முன்னால் போனால் ‘ஆர்’.

ஏமாற்றும் இடங்கள் இரண்டு. ‘எ பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ்’ என்பதில் இருப்பது ஒரே பெட்டி. உள்ளே எத்தனை மாம்பழம் இருந்தாலும் ‘தேர் இஸ்’தான். ‘அலாங் வித்’ என்பதும் ‘அண்ட்’ போலத் தோன்றும், ஆனால் பன்மையாக்காது. ‘தேர் இஸ் எ டேபிள் அலாங் வித் டூ சேர்ஸ்’ என்பதை முன்போலத் திருப்பிப் போட்டாலும் மேசைக்கு ‘இஸ்’தான் வரும்.

ஆங்கிலப் படங்களில் ‘தேர்ஸ் டூ சேர்ஸ்’ என்று சுருக்கிப் பேசுவது காதில் விழும். பேச்சில் அது சகஜம், விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள்.