இணைப்புச் சொற்களைக் குறைப்பது எப்படி: "மேலும்", "எனவே" மிகுந்த உரைநடையைத் திருத்தும் முறை

அறிக்கை, சுற்றறிக்கை, செய்தி, பாடநூல் ஆகியவற்றின் தமிழில் வாக்கியங்களின் தொடக்கத்தில் சில சொற்கள் பழக்கத்தால் வந்து அமர்ந்துவிடுகின்றன. மேலும், அத்துடன், அதுமட்டுமின்றி, எனவே, ஆகவே, ஆகையால், எனினும், இருப்பினும், இந்நிலையில், இதனிடையே, இதையடுத்து என்பவை அவற்றுள் முதன்மையானவை. இவற்றில் எதுவும் பிழையான சொல் அன்று. வாக்கியத்துக்கு ஒன்றாக வரும்போதுதான் நடை விறைக்கிறது.

இதன் காரணம் தமிழ் வாக்கியத்தின் கட்டமைப்பில் இருக்கிறது. தமிழில் ஒரு செயலை அடுத்த செயலோடு கோக்கும் வேலையைப் பெரும்பாலும் வினையின் ஈறு செய்கிறது: வந்து, வர, வந்தால், வந்ததால், வந்தும், வந்தபின். பெயரோடு ஒட்டும் "உம்" கூட்டலைக் காட்டுகிறது. அது, அதில், அவர்கள் போன்ற சுட்டுச்சொற்கள் முன் வாக்கியத்தை நினைவூட்டுகின்றன. ஒவ்வொரு செய்தியையும் தனித்தனி வினைமுற்றோடு முடித்துவிட்டால் இந்த வழிகள் அடைபடுகின்றன. அறுந்த இடங்களை ஒட்டவைக்க "மேலும்", "எனவே" என்று வெளியிலிருந்து சொற்களைக் கொண்டுவர வேண்டியதாகிறது. ஆகவே திருத்தம் என்பது சொல்லை அடிப்பதோடு நிற்பதில்லை. அந்தச் சொல் எந்த உறவைக் காட்ட வந்தது, அந்த உறவை வாக்கியமே காட்ட முடியுமா என்று பார்ப்பதே அதன் முக்கியப் பகுதி.

செய்முறையை விளக்க, ஒரு கிளை நூலகத்தின் ஆண்டறிக்கை போல எழுதப்பட்ட மாதிரிப் பத்தி ஒன்று:

"(1) நூலகத்தில் கடந்த ஆண்டு 1,240 புதிய நூல்கள் சேர்க்கப்பட்டன. (2) மேலும், சிறுவர் பிரிவுக்குத் தனி அறை ஒதுக்கப்பட்டது. (3) அதுமட்டுமின்றி, அந்த அறையில் தாழ்வான அலமாரிகளும் அமைக்கப்பட்டன. (4) எனவே, சிறுவர்களின் வருகை அதிகரித்தது. (5) இருப்பினும், மாலை 5 மணிக்கே நூலகம் மூடப்படுகிறது. (6) ஆகையால், பள்ளி விட்டு வரும் மாணவர்களால் அரை மணி நேரம்கூட அங்கு இருக்க முடியவில்லை. (7) இந்நிலையில், வேலை நேரத்தை இரவு 7 மணி வரை நீட்டிக்கும்படி பெற்றோர் மனு அளித்தனர். (8) எனவே, இதுகுறித்து மாவட்ட நூலக அலுவலருக்குப் பரிந்துரை அனுப்பப்பட்டுள்ளது."

படி 1: வாக்கியத் தொடக்கங்களை மட்டும் படித்தல்

முதலில் ஒவ்வொரு வாக்கியத்தின் முதற்சொல்லுக்கும் கீழே கோடிட்டு, அந்தச் சொற்களை மட்டும் மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். மாதிரிப் பத்தியில் எட்டு வாக்கியங்களில் ஏழு, இணைப்புச் சொல்லோடு தொடங்குகின்றன. நூலகம், சிறுவர், மாணவர், பெற்றோர் என்று பத்தி யாரைப் பற்றியதோ அவர்கள் அந்த ஏழு வாக்கியங்களின் தொடக்கத்தில் இல்லை. பொருளுக்குரிய இடத்தை இணைப்புச் சொல் பிடித்துக்கொண்டதற்கு இதுவே அடையாளம்.

படி 2: சொல்லை மறைத்துப் படித்தல்

அடுத்து ஒவ்வோர் இணைப்புச் சொல்லையும் விரலால் மறைத்துக்கொண்டு, முன் வாக்கியத்தையும் அந்த வாக்கியத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மூன்று விளைவுகளில் ஒன்று தெரியும். பொருள் மாறவில்லை என்றால் சொல்லை நீக்கலாம். பொருள் புரிகிறது, ஆனால் இரண்டு வாக்கியங்களும் ஒட்டாமல் நிற்கின்றன என்றால், உறவை வாக்கியத்துக்குள் கொண்டுவர வேண்டும். பொருளே மாறுகிறது என்றால் சொல் இருக்க வேண்டும். இனி வரும் படிகள் உறவின் வகைக்கேற்ப இதைச் செய்வதற்கானவை.

படி 3: கூட்டல் சொற்கள்

மேலும், அத்துடன், அதுமட்டுமின்றி ஆகியவைதாம் எளிதில் நீங்குபவை. ஓராண்டில் நடந்த பணிகளை வரிசையாகச் சொல்லும்போது, ஒன்றன்பின் ஒன்று வருவதே கூட்டலைக் காட்டிவிடுகிறது. (2)இல் "மேலும்" போனால் எதுவும் குறையாது.

(3)ஐச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். "அலமாரிகளும்" என்பதில் உள்ள "உம்" ஏற்கெனவே கூட்டலைச் சொல்கிறது. நன்னூல் உம்மைக்குக் கூறும் எட்டுப் பொருள்களுள் எச்சம் ஒன்று. சொல்லப்பட்டதைத் தவிர வேறொன்றும் உண்டு என்று காட்டுவது அதன் வேலை. அந்த வேலையையே "அதுமட்டுமின்றி" மறுபடி செய்கிறது. "அந்த அறையில்" என்ற சுட்டும் முன் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆக, ஒரே உறவுக்கு மூன்று அடையாளங்கள். "அதில் தாழ்வான அலமாரிகளும் அமைக்கப்பட்டன" என்றால் போதும்.

கூட்டல் சொல்லை நீக்கும்போது பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. "500 ரூபாய் அபராதம் விதிக்கப்படும். மேலும் உரிமம் ரத்து செய்யப்படும்" என்ற விதியில் "மேலும்" வெறுமனே போனால், இரண்டும் சேர்ந்தே விதிக்கப்படுமா, ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றா என்ற ஐயம் எழலாம். இங்கே உம்மை கைகொடுக்கும்: "500 ரூபாய் அபராதம் விதிப்பதோடு உரிமமும் ரத்து செய்யப்படும்."

படி 4: காரணச் சொற்கள்

எனவே, ஆகவே, ஆகையால் என்பவை காரணத்தை முன் வாக்கியத்திலும் விளைவைப் பின் வாக்கியத்திலும் பிரித்துவைக்கின்றன. காரணம் ஒன்றே ஒன்றாகவும் சுருக்கமாகவும் இருந்தால், வினையோடு "ஆல்" சேர்த்து இரண்டையும் ஒரே வாக்கியமாக்கலாம். (5), (6) அப்படிப்பட்டவை: "மாலை 5 மணிக்கே நூலகம் மூடப்படுவதால் பள்ளி விட்டு வரும் மாணவர்களால் அரை மணி நேரம்கூட அங்கு இருக்க முடியவில்லை."

(4)இல் உள்ள "எனவே" வேறு வகை. அலமாரி அமைத்ததால்தான் வருகை கூடியது என்று அது அடித்துச் சொல்கிறது. அறிக்கையில் அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அறை திறந்தபின் வருகை கூடியது என்பது மட்டுமே தெரிந்த செய்தி. எனவே இந்த இடத்தில் காரணத்தை விட்டுக் காலத்தைச் சொல்வதே சரி: "அறை திறந்தபின் சிறுவர்களின் வருகை அதிகரித்தது." பழக்கத்தால் எழுதும் "எனவே" நிறுவப்படாத காரணத்தை உண்மைபோல் காட்டிவிடக்கூடும் என்பதால், காரணச் சொல் ஒவ்வொன்றையும் இந்தக் கேள்வியோடு பார்க்க வேண்டும்.

(8)இல் "இதுகுறித்து" என்ற சொல்லே முன் வாக்கியத்தோடு பிணைத்துவிடுகிறது. மனு வந்தபின் பரிந்துரை போனது என்பதும் வரிசையிலேயே தெரிகிறது. "எனவே" தேவையில்லை.

படி 5: காலச் சொற்கள்

இந்நிலையில், இதனிடையே, இதையடுத்து என்பவை செய்தி நடையிலிருந்து அறிக்கைகளுக்குள் வந்தவை. இவை காலத்தைச் சொல்வதுபோல் தோன்றினாலும் எந்தக் காலம் என்று சொல்வதில்லை. "இதையடுத்து" என்பது "இதற்குப்பின்" என்றா, "இதனால்" என்றா என்பதும் பல இடங்களில் தெளிவாவதில்லை. இவற்றுக்கு மாற்று, உண்மையான நாளோ மாதமோதான். (7)இல் மனு எப்போது அளிக்கப்பட்டது என்று கோப்பைப் பார்த்து எழுத வேண்டும்; அது டிசம்பர் என்று வைத்துக்கொண்டால், "டிசம்பரில் பெற்றோர் மனு அளித்தனர்" என்று வரும். நாள் முக்கியமில்லாத இடத்தில் சொல்லை வெறுமனே நீக்கிவிடலாம்.

படி 6: முரண் சொற்கள்

ஆனால், எனினும், இருப்பினும் ஆகியவற்றைக் கடைசியில் தொட வேண்டும். வாசகர் எதிர்பார்க்கும் திசையிலிருந்து பேச்சு திரும்பும் இடம் இது. அறிவிப்பு இல்லாமல் திரும்பினால் தடுமாற்றம் உண்டாகும். (5)இல் நல்ல செய்தியிலிருந்து குறைக்கு மாறுவதால் முரண் சொல் இருக்கத்தான் வேண்டும். "இருப்பினும்" என்பதை "ஆனால்" என்று எளிமையாக்கினாலே போதும்.

நீக்க வேண்டியது இரட்டிப்பைத்தான். "கட்டணம் குறைக்கப்பட்டிருந்தாலும், ஆனால் மாணவர்கள் வரவில்லை" என்பதில் "இருந்தாலும்" முரணைச் சொல்லிவிட்டது, "ஆனால்" மிகை.

திருத்திய வடிவம்

"நூலகத்தில் கடந்த ஆண்டு 1,240 புதிய நூல்கள் சேர்க்கப்பட்டன. சிறுவர் பிரிவுக்குத் தனி அறை ஒதுக்கப்பட்டது. அதில் தாழ்வான அலமாரிகளும் அமைக்கப்பட்டன. அறை திறந்தபின் சிறுவர்களின் வருகை அதிகரித்தது. ஆனால் மாலை 5 மணிக்கே நூலகம் மூடப்படுவதால் பள்ளி விட்டு வரும் மாணவர்களால் அரை மணி நேரம்கூட அங்கு இருக்க முடியவில்லை. வேலை நேரத்தை இரவு 7 மணி வரை நீட்டிக்கும்படி டிசம்பரில் பெற்றோர் மனு அளித்தனர். இதுகுறித்து மாவட்ட நூலக அலுவலருக்குப் பரிந்துரை அனுப்பப்பட்டுள்ளது."

ஏழு இணைப்புச் சொற்களில் ஒன்று மிஞ்சியது. அது தனியே நிற்பதால், பத்தி எங்கே திரும்புகிறது என்பது உடனே கண்ணில் படுகிறது. ஏழு இருந்தபோது இந்தத் திருப்பம் மற்றவற்றோடு கலந்து மறைந்திருந்தது.

திருத்தத்தில் நேரும் தவறுகள்

முதல் தவறு, எல்லாவற்றையும் வினையெச்சத்தால் கோத்து ஒரே நீண்ட வாக்கியமாக்குவது. "செய்து" என்னும் வாய்பாட்டு வினையெச்சத்துக்கும் அது முடியும் வினைக்கும் எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது தொல்காப்பியம் முதல் வரும் விதி. "பெற்றோர் மனு அளித்து நூலகர் பரிந்துரை அனுப்பினார்" என்பது இடறுவது அதனால்தான். எழுவாய் மாறும்போது "பெற்றோர் மனு அளித்ததும் நூலகர் பரிந்துரை அனுப்பினார்" என்று ஈற்றை மாற்றலாம்; இல்லையெனில் இரண்டு வாக்கியமாகவே விடலாம். "மழை பெய்து குளம் நிறைந்தது" போன்ற வழக்குகள் உண்டு. அவை முன் செயலே பின் செயலை விளைவிக்கும் இடங்கள். அவற்றைப் பொதுவிதியாகக் கொள்ளக்கூடாது.

இரண்டாவது, ஒரே வாக்கியத்தில் இரண்டு "ஆல்" அடுக்குவது. "மழை பெய்ததால் சாலை பழுதடைந்ததால் பேருந்து நின்றது" என்று எழுதுவதைவிட, "மழையில் சாலை பழுதடைந்ததால் பேருந்து நின்றது" என்று ஒரு காரணத்தை வேற்றுமை உருபுக்கு மாற்றுவது தெளிவானது.

மூன்றாவது, நீக்கக் கூடாத இடத்தில் நீக்குவது. ஒரு தீர்ப்போ ஆணையோ பல காரணங்களைப் பல வாக்கியங்களில் அடுக்கி, முடிவில் "எனவே இம்மனு தள்ளுபடி செய்யப்படுகிறது" என்கிறது. அங்கே "எனவே" முந்திய வாக்கியம் ஒன்றை மட்டுமல்ல, மேலே சொன்ன வாதம் முழுவதையும் தாங்குகிறது. எந்த வினையீறும் அந்தச் சுமையை ஏற்காது. விதிவிலக்கைத் தொடங்கும் "எனினும்" சட்ட வாசகத்தில் இருக்க வேண்டியதும் இதே காரணத்தால்தான்.

கடைசிச் சரிபார்ப்பு

திருத்திய பத்தியை வாய்விட்டு ஒருமுறை படிக்க வேண்டும். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் அளவுக்கு மேல் கோக்கப்பட்டிருக்கிறது. அங்கே ஒரு வினைமுற்று வைத்துப் பிரிக்க வேண்டும். முன் வாக்கியத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கத் தோன்றும் இடத்தில் இணைப்பு குறைந்திருக்கிறது. அங்கே முதலில் ஒரு சுட்டுச்சொல்லைச் சேர்த்துப் பார்த்து, அதுவும் போதாவிட்டால் மட்டும் நீக்கிய சொல்லைத் திரும்ப வைக்கலாம்.