மேலாளருக்குச் சொல்லும் கல்யாணச் சேதி

வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருடம் ஆன பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "வீட்டில் கல்யாணம். மேனேஜரைக் கூப்பிடணும். ஆனால் அவர் வந்தே ஆகணும்னு நினைக்கக் கூடாது. எப்படிச் சொல்றது?" அலுவலகத்தில் கீழே இருந்து பத்திரிகை கொடுத்திருக்கிறேன், மேலே இருந்து நிறையப் பத்திரிகைகள் வாங்கியும் இருக்கிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன்.

1. முதலில் லீவு, பிறகு அழைப்பு. இரண்டையும் ஒரே பேச்சில் சேர்க்காதீர்கள். "சார், தங்கச்சி கல்யாணம், நாலு நாள் லீவு வேணும், நீங்களும் கண்டிப்பா வரணும்" என்று ஒரே மூச்சில் சொன்னால், அவர் எதற்குப் பதில் சொல்வார்? லீவைக் கொஞ்சம் குறைக்கச் சொல்ல நினைத்திருந்தாலும், கையில் பத்திரிகை இருக்கும்போது அவரால் சொல்ல முடியாது. லீவைத் தந்துவிட்டுக் கல்யாணத்துக்கு வர முடியாது என்று சொல்லவும் சங்கடப்படுவார். லீவுக்கு முறைப்படி எழுதிக் கொடுங்கள். அது கையெழுத்தாகி ஒரு வாரம் போகட்டும். அப்புறம் அழைப்பு. அப்ரைசல் பேச்சு நடக்கிற வாரமாக இருந்தால், அது முடிகிற வரை அழைப்பையும் தள்ளிப் போடுங்கள்.

2. வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். உங்கள் அப்பா, "பெரிய மனுஷன், நேர்ல போய்த் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோட பத்திரிகை வைக்கணும்" என்பார். சொந்தக்காரர்களுக்கு அதுதான் மரியாதை. அப்படி வைத்த பத்திரிகைக்குப் பதில் மரியாதையாக வந்தே தீர வேண்டும் என்பதும் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் அப்பாவும் அம்மாவும் குங்குமச் சிமிழோடு மேலாளர் வீட்டு வாசலில் நின்றால், அவரால் எப்படி "முடியாது" என்று சொல்ல முடியும்? "அவங்களை ஆபீஸ்லேயே பார்த்து நான் சொல்லிக்கிறேன்ப்பா" என்று அப்பாவிடம் சொல்லுங்கள். ஒத்துக்கொள்வார்.

3. சொல்கிற வார்த்தைதான் இதில் முக்கியம். சென்னையில் வேலை பார்க்கும் ஒரு தம்பிக்கு நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே தருகிறேன். அவன் தங்கைக்குக் கும்பகோணத்தில் கல்யாணம். ஆவணியில் ஒரு திங்கட்கிழமை முகூர்த்தம், காலை 6 மணிக்கு மேல் 7.30க்குள். முதல் நாள் ஞாயிறு, ராகு காலம் கழிந்து மாலை 6.30க்கு வரவேற்பு. மேலாளர் ஒரு அம்மா. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருப்பவர். அவன் முதலில் எழுதிக்கொண்டு வந்தது: "மேடம், நீங்க குடும்பத்தோட கண்டிப்பா வரணும். நீங்க வந்தாத்தான் எங்களுக்குச் சந்தோஷம்." சித்தப்பாவிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் இது. "கண்டிப்பா", "நீங்க வந்தாத்தான்" இரண்டையும் எடுக்கச் சொன்னேன். கடைசியில் அவன் சொன்னது இது:

"மேடம், தங்கச்சிக்கு அடுத்த மாசம் கல்யாணம், கும்பகோணத்துல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரிசப்ஷன், திங்கட்கிழமை விடியக்காலை முகூர்த்தம். திங்கள் வேலை நாள், ஊரும் தூரம். அந்தப் பக்கம் வர வாய்ப்பு அமைஞ்சா எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம். இல்லேன்னா உங்க வாழ்த்து போதும், மேடம். பத்திரிகையை வாட்ஸ்அப்ல அனுப்புறேன்."

இதில் வர முடியாததற்கான காரணத்தை அவனே அவர் கையில் கொடுத்துவிட்டான். அதுவும் உண்மையான காரணம்: ஏறக்குறைய 300 கிலோமீட்டர், மறுநாள் வேலை. அவர் தன் வீட்டு விஷயம் எதையும் சொல்லாமலே "ஆமாப்பா, திங்கட்கிழமை ஆச்சே" என்று முடித்துக்கொள்ளலாம். ஆனால் இதை ஒரு தடவைக்கு மேல் சொல்லாதீர்கள். "உங்களுக்கு முடியாதுன்னு தெரியும், பரவாயில்லை, வரலேன்னாலும் ஒண்ணுமில்லை" என்று அடுக்கினால் "வராதீங்க" என்று சொல்வதுபோல் காதில் விழும். சந்தோஷம் என்கிற வாக்கியம் முழு மனதோடு வரட்டும்.

உள்ளூரிலேயே, ஞாயிற்றுக்கிழமையிலேயே கல்யாணம் என்றால் தூரத்தைச் சொல்ல முடியாது. அப்போது நேரத்தைத் தளர்த்துங்கள்: "ரிசப்ஷன் ஆறரையிலேர்ந்து பத்து வரைக்கும் இருக்கு, சார். அந்தப் பக்கம் வந்தா எட்டிப் பார்த்துட்டுப் போங்க." இல்லாத காரணத்தைக் கற்பனை செய்து சொல்ல வேண்டாம்.

4. எங்கே சொல்வது? அவருடைய அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தல்ல. டீம் கூட்டத்தில் நாலு பேர் முன்னாலும் அல்ல. அங்கே ஒருவர் "நாங்க எல்லாரும் வேன் பேசியிருக்கோம், மேடம்" என்பார். அதற்கப்புறம் அவர் எப்படி மறுப்பார்? ஏதாவது வேலைப் பேச்சு முடிந்து எழுந்திருக்கும்போது, நின்றபடி, ஒரு நிமிடத்தில் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் பதிலுக்காக முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். "அந்த ரிப்போர்ட்டை மதியத்துக்குள்ள அனுப்பிடுறேன்" என்று அடுத்த வேலைக்குப் போய்விடுங்கள். கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னால் சொன்னால் போதும்.

5. "பார்க்கலாம்ப்பா", "ட்ரை பண்றேன்" என்றால் வரவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி கேட்காதீர்கள். "ரூம் போடவா, எத்தனை பேர் வருவீங்க" என்ற கேள்வி மூன்று நாள் கழித்து வந்தால், மென்மையாகச் சொல்லித் தப்பித்தவரை இழுத்துப் பிடித்து நிறுத்துவதுபோல் ஆகிவிடும். 400 இலை போடுகிற பந்தியில் இரண்டு இலை கூடினால் சமையல்காரருக்கு ஒரு சிரமமும் இல்லை. கேட்காமலே கணக்கில் சேர்த்துவிடலாம். அவராகவே "வர்றேன், எங்கே தங்கலாம்?" என்று கேட்டால் அப்போது ஏற்பாடு செய்யுங்கள்.

சில மேலாளர்கள் யார் வீட்டு விசேஷத்துக்கும் போவதில்லை என்று வைத்திருப்பார்கள். ஒருவர் வீட்டுக்குப் போய் இன்னொருவர் வீட்டுக்குப் போகாவிட்டால் பேச்சு வரும் என்பதுதான் காரணம். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். அதில் உங்கள் மேல் வருத்தம் எதுவும் இல்லை.

6. மொய். வராதவர் மொய்யைக் கொடுத்தனுப்ப வேண்டுமோ என்று தயங்குவார். பத்திரிகையோடு அனுப்பும் செய்தியில் ஒரே வரி: "அன்பளிப்பு எதுவும் வேண்டாம், மேடம்." டீமில் ஒருவர் எல்லோரிடமும் பணம் வசூலித்தால், மேலாளரிடம் கேட்க வேண்டாம் என்று அவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

7. அவர் வந்துவிட்டால் மேடைக்கு வரிசையில் போகட்டும். மைக்கில் பெயரைச் சொல்ல வேண்டாம். பெரியப்பா பையன் ஒருவனிடம் சொல்லி வையுங்கள்: பந்தியில் உட்கார வைத்து, சாப்பிட்டதும் தாம்பூலப் பையைக் கொடுத்து, வண்டி வரை கொண்டுபோய் விட வேண்டும். மாமா யாராவது தன் மகன் வேலைக்காக அவரிடம் பயோடேட்டா நீட்டாமலும் அவன் பார்த்துக்கொள்ளட்டும். இது அடிக்கடி நடக்கிறது.

வராவிட்டால், திரும்பி வந்த அன்று லட்டும் முறுக்கும் டீம் முழுவதற்கும் பொதுவாக வையுங்கள். அவர் மேஜைக்கு மட்டும் தனிப் பை வேண்டாம். "கல்யாணம் நல்லபடியா நடந்ததா?" என்று அவர் கேட்பார். "நல்லா நடந்தது, மேடம்" என்று சொல்லி ஒரு போட்டோவைக் காட்டுங்கள். "உங்களை எதிர்பார்த்தோம்" என்ற வார்த்தை மட்டும் வாயில் வரக் கூடாது.