புது சிரிஞ்சை நீட்டுங்கள்

கேள்வி: பயிற்சி வார்டில் மூத்த நர்ஸ் அக்கா ஊசியை மட்டும் மாற்றி, ஒரே சிரிஞ்சால் பலருக்கு மருந்து போடுகிறார். எப்படிச் சொல்வது?
– செவிலியர் மாணவி, கீழ்பென்னாத்தூர்

பதில்: ஊசியை மாற்றினாலும் சிரிஞ்சுக்குள் ரத்தம் ஏறியிருக்கலாம், அதே சிரிஞ்சை மறுபடி குப்பியில் விட்டால் மருந்தும் கெடும். அடுத்தவருக்குப் போடும் முன்பே, "அக்கா, இந்தாங்க புது சிரிஞ்சு" என்று நீட்டுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் தேதி, நேரம், படுக்கை எண், கண்ணால் கண்டது, இவற்றை மட்டும் எழுதி ஆசிரியையிடமும் செவிலியர் கண்காணிப்பாளரிடமும் அன்றே கொடுங்கள். ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குப் பரிசோதனை வேண்டும் என்பதால் தாமதம் கூடாது. நகல் உங்களிடம் இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

தெரிந்ததை உடனே சொல்வது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்: 2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்த இளைஞரே, தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும் முன்வந்து சொன்னதால்தான் அது வெளியே வந்தது.